தாத்தாவின் முகம் மட்டும் தனியாகத் தெரிகிறது: கர்வ்ஸ் வைத்து தோல் நிறத்தைச் சேர்ப்பது எப்படி?

பிரபு_குடந்தை

வணக்கம். சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்த வரவேற்பு ஆல்பத்தில் ஒரு குழுப்படம் சிக்கலாகிவிட்டது. மேடையில் பதினாலு பேர். மற்ற எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தாத்தா மட்டும் கண்ணை மூடியிருக்கிறார். மூன்று ஃபிரேம் எடுத்தேன், மூன்றிலும் மூடியிருக்கிறார்.

அதே நாள் மதியம் மண்டப வாசலில், பந்தல் நிழலில் அவரைத் தனியாக எடுத்த படம் இருக்கிறது. தலை கிட்டத்தட்ட அதே கோணம், கண் திறந்திருக்கிறது. வீட்டில் சொன்னேன், "அதையே வைத்துவிடுங்கள் தம்பி" என்றார்கள். முகத்தை வெட்டி ஒட்டி, அளவும் சரிசெய்துவிட்டேன். நிறம்தான் சேரவில்லை. மேடைப் படத்தில் வீடியோ லைட்டின் மஞ்சள் வெளிச்சம். வாசல் படத்தில் முகம் சாம்பலும் நீலமுமாக இருக்கிறது.

போட்டோஷாப்பில் போட்டோ ஃபில்டர் போட்டேன், கலர் பேலன்ஸும் நகர்த்திப் பார்த்தேன். கன்னம் சரியாக வந்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல் நீலமாகவே நிற்கிறது. நிழலைச் சரிசெய்தால் நெற்றி ஆரஞ்சாகிவிடுகிறது. இரண்டுமே ஜேபெக்தான், ரா ஃபைல் இல்லை. கர்வ்ஸில் செய்ய வேண்டும் என்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

வினோத்_எடிட்ஸ்

இதற்கு எதற்கு கர்வ்ஸ்? Image > Adjustments > Match Color போங்கள். சோர்ஸில் மேடைப் படத்தைக் கொடுங்கள், ஒரே க்ளிக். நான் அவுட்டோர் படங்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

பிரபு_குடந்தை

செய்து பார்த்தேன் வினோத். தாத்தா முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. மேடையின் பின்னணித் திரை மெரூன் நிறம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

வினோத்_எடிட்ஸ்

அப்படியென்றால் இரண்டு படத்திலும் தோலை மட்டும் செலெக்ட் செய்துவிட்டுப் போடுங்கள். செலெக்‌ஷனை மட்டும் கணக்கில் எடுக்க அதே பெட்டியில் டிக் இருக்கிறது.

லேப்_ரமணி

வினோத் சொல்வது பாதி சரி. தோலை மட்டும் தேர்ந்தெடுத்தால் முன்னைவிட நன்றாகவே வரும். ஆனால் அது மொத்தமாக ஒரு சராசரியையும், நிறங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் பார்த்து நகர்த்துகிற வேலை. நிழல் ஒரு அளவிலும் வெளிச்சம் வேறு அளவிலும் மாறியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பிரபுவின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது எளிதாகிவிடும். வாசல் படத்தில் முகத்தின் நிழலுக்குள் போய் விழுவது வானத்தின் வெளிச்சம், அது நீலம். மேடையில் அதே நிழலுக்குள் விழுவது திரையிலும் கம்பளத்திலும் பக்கத்து ஆட்களின் பட்டிலும் பட்டுத் திரும்புகிற சூடான வெளிச்சம். ஆகவே நெற்றியில் நீலம் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிழலில் அதைவிட அதிகப் பங்கு குறைந்திருக்கும். டெம்பரேச்சர் ஸ்லைடரோ போட்டோ ஃபில்டரோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தள்ளும். கர்வில் நிழல், நடு, வெளிச்சம் மூன்றையும் தனித்தனியாக, வேண்டிய எண்ணிலேயே பிடித்து நகர்த்தலாம்.

அப்புறம், பிரபுவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மேடைப் படத்தில் அதே மனிதரின் அதே முகம், அதே வெளிச்சத்தில் இருக்கிறது. கண் மூடியிருந்தால் என்ன, கன்னம் கன்னம்தானே. அந்த முகத்தை அழித்துவிடவில்லையே?

பிரபு_குடந்தை

இல்லை சார், கீழ் லேயரில் அப்படியே இருக்கிறது.

லேப்_ரமணி

நல்லது. ஒட்டிய முகத்தைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் தள்ளி வையுங்கள். மூடிய கண் முகமும் திறந்த கண் முகமும் அருகருகே தெரிய வேண்டும். கலர் சாம்ப்ளர் கருவியை எடுத்து, மேலே Sample Size-ஐ 11 by 11 Average என்று வையுங்கள். ஒற்றைப் பிக்சலில் அளந்தால் ஒரு மயிர்க்கால் குறுக்கே வந்தாலே எண் மாறிவிடும்.

இரண்டு முகத்திலும் ஒரே மூன்று இடத்தில் புள்ளி வையுங்கள். மூக்கின் நிழல் பக்கம், கன்னத்தின் நடு, நெற்றி. நெற்றியில் எண்ணெய்ப் பசை மின்னும் இடத்தைத் தொடாதீர்கள். அங்கே தெரிவது தோல் அல்ல, விளக்கின் பிரதிபலிப்பு. விபூதி பட்ட இடமும் வேண்டாம். Info பேனலில் வரும் ஆர், ஜி, பி எண்களை ஒரு தாளில் எழுதி இங்கே போடுங்கள்.

பிரபு_குடந்தை

எடுத்துவிட்டேன் சார். இடதுபக்க எண் வாசல் படம், வலதுபக்கம் மேடை.

```
         R           G           B
நிழல்    78 → 70     62 → 44     60 → 30
கன்னம்  148 → 160   118 → 112   108 → 80
நெற்றி  196 → 214   168 → 166   158 → 126
```

லேப்_ரமணி

இதைப் பார்த்தாலே கதை தெரிகிறது. நீலத்தைப் பாருங்கள். நெற்றியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, நிழலில் சரிபாதி போய்விட்டது. சிவப்போ நிழலில் இறங்கியும் நெற்றியில் ஏறியும் இருக்கிறது. மேடை வெளிச்சத்தில் காண்ட்ராஸ்ட் அதிகம் என்று அர்த்தம். கலர் பேலன்ஸில் நீங்கள் எவ்வளவு நேரம் போராடினாலும் சேராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் எழுதியதே கர்வ்தான். முக லேயருக்கு மேல் ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, Ctrl+Alt+G அழுத்தி அந்த லேயருக்கு மட்டும் கட்டிவிடுங்கள். RGB என்று இருக்கும் பொதுக் கர்வைத் தொட வேண்டாம். Red சானலுக்குப் போய் கோட்டில் ஒரு புள்ளி வைத்து, Input பெட்டியில் 78, Output பெட்டியில் 70 என்று தட்டுங்கள். அடுத்து 148க்கு 160, அப்புறம் 196க்கு 214. Green, Blue இரண்டிலும் இதையே அவற்றின் எண்களோடு செய்யுங்கள். மவுஸால் இழுத்துக் கண்ணால் பார்த்துச் செய்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அருள்மொழி

நான் ஜிம்ப் பயன்படுத்துகிறேன். இதே முறை அதில் வருமா?

லேப்_ரமணி

நான் ஜிம்ப் தொட்டதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி_கே

வரும் அருள். Colors > Curves-ல் மேலே சானலை மாற்றிக்கொள்ளலாம், எண்ணும் தட்டலாம். அளப்பதற்கு கலர் பிக்கரில் Sample average-ஐ டிக் செய்து ஆரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 3.0 பதிப்பு வந்தபின் கர்வ்ஸைப் பின்னால் திறந்து திருத்த முடிகிறது. பழைய பதிப்பு என்றால் லேயரை ஒரு நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

சங்கர்_1978

தாத்தா முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். கர்வை நடுவில் பிடித்து மேலே தூக்கினால் முகம் பளிச்சென்று வரும். எங்கள் ஊர் ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

லேப்_ரமணி

சங்கர், இங்கே கேள்வி அதுவல்ல. தாத்தாவின் நிறம் அவருடைய நிறம்தான், அது மாறக் கூடாது. மாற வேண்டியது அவர் மேல் விழுந்த வெளிச்சம். எல்லார் முகத்தையும் தூக்கிவிடுகிற பழக்கத்தால்தான் நம் ஆல்பங்களில் முகம் ஒரு நிறமும் கழுத்தும் கையும் வேறு நிறமுமாக இருக்கின்றன. பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேத்திக்குத் தாத்தா எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டாமா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சங்கர்_1978

சரி சார், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.

பிரபு_குடந்தை

சார், அற்புதம். எண்களைத் தட்டியதும் கன்னம், நெற்றி, நிழல் மூன்றும் அப்படியே உட்கார்ந்துவிட்டன. இரண்டு நாள் போராடிய வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. தாத்தாவுக்கு வெள்ளை மீசை. அது மட்டும் நீலம் பாய்ந்த மாதிரி தெரிகிறது. கண்ணின் வெண்மையும் அப்படித்தான். முன்பு முகம் முழுக்க நீலமாக இருந்ததால் இது தெரியவில்லை. இப்போது மஞ்சள் முகத்தின் நடுவில் மீசை மட்டும் நீல முடியாக நிற்கிறது.

வினோத்_எடிட்ஸ்

மீசையை மட்டும் டீசாச்சுரேட் செய்துவிடுங்கள்.

லேப்_ரமணி

அப்படிச் செய்யாதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளை மீசையும் மஞ்சளாகத்தான் தெரியும். நிறத்தை எடுத்துவிட்டால் சாம்பலாகி, அதுவும் ஒட்டவைத்ததுபோலத்தான் இருக்கும்.

காரணம் கர்விலேயே இருக்கிறது. நீலச் சானலின் கர்வைத் திறந்து பாருங்கள். கடைசிப் புள்ளி 158க்கு 126. அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. மேல் வலது மூலை இன்னும் 255க்கு 255 என்றே இருக்கிறது. ஆகவே கோடு நெற்றியைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறி அந்த மூலையைத் தொடுகிறது. நெற்றியைவிட வெளிச்சமான எல்லாவற்றுக்கும், அதாவது மீசைக்கும் கண் வெண்மைக்கும் நீலம் திரும்பக் கிடைக்கிறது.

நாலாவதாக ஒரு புள்ளி வேண்டும். வெள்ளையான ஒன்றை இரண்டு படத்திலும் அளந்து பாருங்கள்.

தேன்மொழி_கே

சட்டைக் காலர் போதாதா சார்? இரண்டிலும் அதே வெள்ளைச் சட்டைதானே இருக்கும்.

லேப்_ரமணி

முதலில் கை அங்கேதான் போகும், ஆனால் சட்டையை நான் நம்புவதில்லை. வெள்ளைச் சட்டையில் நீலம் போட்டிருப்பார்கள். சலவைத் தூளிலும் வெண்மை கூட்டுகிற பொருள் இருக்கும், அது புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். வாசலில் பகல் வெளிச்சத்தில் புற ஊதா உண்டு, மேடை விளக்கில் அநேகமாக இருக்காது. ஒரே சட்டை இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். அந்த எண்ணைக் கொண்டுவந்து முகத்தில் வைத்தால் நீலத்தைத் தேவைக்கு மேல் வெட்டிவிடுவோம். மீசையையே அளந்துவிடுங்கள் பிரபு, அதற்கு நீலமும் போடவில்லை, சலவையும் செய்யவில்லை. அடர்த்தியான இடமாகப் பாருங்கள். தோல் தெரிகிற ஓரம் வேண்டாம்.

பிரபு_குடந்தை

மீசை, வாசல் படத்தில் 205, 206, 212. மேடைப் படத்தில் 220, 198, 162. இப்போதைய கர்வுக்குப் பிறகு ஒட்டிய முகத்தில் 220, 205, 198 என்று வருகிறது. நீலம் முப்பத்தாறு கூடுதல்!

சிவப்பில் சந்தேகம். ஏற்கெனவே 196ல் புள்ளி இருக்கிறது. 205ல் இன்னொன்று வைக்கவா?

லேப்_ரமணி

சிவப்பு தானாகவே 220க்கு வந்துவிட்டதே, விட்டுவிடுங்கள். புள்ளிகளை நெருக்கி வைத்தால் கோடு அந்த இடத்தில் வளைந்து முட்டும். அதன் விளைவை முகத்தில் பார்க்கலாம். கன்னத்தில் மெதுவாக மாற வேண்டிய நிறம் திடீரென்று திட்டுத் திட்டாக, தேமல் மாதிரி பிரியும். நான் இரண்டு புள்ளிக்கு நடுவே முப்பதுக்குக் குறையாமல் வைப்பேன். கோடு எங்கேயும் தட்டையாகப் படுக்கவோ கீழே இறங்கவோ கூடாது.

பச்சையில் 206க்கு 198, நீலத்தில் 212க்கு 166 வையுங்கள்.

பிரபு_குடந்தை

166ஆ? மேடையில் 162 என்று அளந்தேனே.

லேப்_ரமணி

அளந்தது 162 என்றால் 162 வைப்பதுதான் முறை. நான் நாலு கூடுதலாகச் சொன்னது என் பழக்கம். மீசை முடிகளுக்கு நடுவே தோல் நிறம் கொஞ்சம் கலந்து அளவில் வந்துவிடும், அதற்காக விடுகிற இடம். உங்கள் கண்ணுக்கு எது சேர்கிறதோ அதை வையுங்கள். முக்கியமானது மூலை. நீலக் கர்வின் மேல் வலது மூலைப் புள்ளியைப் பிடித்து Output 200க்கு இறக்குங்கள். பச்சையில் 240 போதும். அப்போதுதான் நெற்றியிலிருந்து வரும் கோடு அதே சாய்வில் போய் முடியும். கண்ணில் மின்னுகிற வெள்ளைப் புள்ளிகூட மேடை விளக்கின் நிறத்துக்கு வந்துவிடும்.

மலர்விழி_மதுரை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் என்னிடம் மூடிய கண் முகம்கூட இல்லை. அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. தம்பி கல்யாணப் படத்தில் அம்மா பக்கத்தில் அவரை வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார்கள். இருப்பது ஒரு பழைய பிரிண்ட், ஸ்கேன் செய்தது. மொத்தமும் செம்மை ஏறிப்போயிருக்கிறது. எதை வைத்து அளப்பது? தம்பி முகத்தை அளக்கலாமா? அவன் அப்பா ஜாடை, ஆனால் அப்பா அளவுக்குக் கருமை இல்லை.

வினோத்_எடிட்ஸ்

தோலுக்கு ஒரு சூத்திரம் உண்டு. சிஎம்ஒய்கே-யில் பார்த்தால் மஞ்சளும் மெஜெந்தாவும் கிட்டத்தட்ட சமம், சயான் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கொண்டுவாருங்கள்.

லேப்_ரமணி

வினோத், அந்தச் சூத்திரம் சிவந்த வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் சொல்வது, அதுவும் நடுநிலை வெளிச்சத்துக்கு. நம் தோலில் மஞ்சள் மெஜெந்தாவைவிடத் தெளிவாகவே அதிகம் இருக்கும், சயானும் கூடும். மண்டப வெளிச்சத்தில் அது இன்னும் தள்ளிப்போகும். அளவு முறை தவறியிருக்கிறதா என்று பார்க்க உதவும், இலக்காக வைக்க உதவாது.

மலர்விழி அம்மா, உங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய பிரிண்டின் செம்மையை எடுக்க வேண்டும். அதில் சயான் சாயம் மங்கியதால்தான் சிவப்பு மேலே நிற்கிறது. அப்பா வெள்ளை வேட்டியோ சட்டையோ கட்டியிருந்தால் அதையும், தலைமுடியின் கருப்பையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதைக்கு அவர் சாதாரணப் பகல் வெளிச்சத்தில் இருப்பதுபோல் வரட்டும், போதும்.

அடுத்தது மண்டப வெளிச்சம். அதற்குத் தம்பி உதவுவார், ஆனால் அவருடைய நிறம் நமக்கு வேண்டாம். அவரைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும், கல்யாணப் படமும் எடுத்துக்கொண்டு, பிரபு போட்ட மாதிரியே தம்பியிலிருந்து தம்பிக்கு ஒரு கர்வ் உண்டாக்குங்கள். அந்தக் கர்வில் இருப்பது வெளிச்சத்தின் மாற்றம். அதை அப்பா முகத்தின் மேல் போடுங்கள். அப்பாவின் கருமை அப்படியே இருக்கும், வெளிச்சம் மட்டும் மண்டபத்துக்கு வந்துவிடும்.

தேன்மொழி_கே

அழகான யோசனை சார். ஆனால் அப்பா தம்பியைவிடக் கருமை என்றால், தம்பியின் கன்னத்தில் எடுத்த புள்ளி அப்பாவுக்கு நெற்றி இருக்கும் இடத்தில் அல்லவா வேலை செய்யும்? நிழல் வெளிச்சமும் கன்னத்து வெளிச்சமும் ஒரே நிறமாக இல்லையென்றால் தப்பாகுமே.

லேப்_ரமணி

ஆகும். நிற வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதிகம் என்றால் தெரியும். அதற்கு நான் நல்ல வழி எதையும் கண்டதில்லை. கர்வ் லேயரின் ஒப்பாசிட்டியைக் குறைத்து, அம்மாவின் முகத்தோடு வைத்துக் கண்ணால்தான் முடிக்கிறேன்.

அருள்மொழி

எனக்கு ஒரு அனுபவம். ஒருமுறை எண்கள் எல்லாம் சரியாக வைத்தும் முகம் சேரவே இல்லை. கடைசியில் பார்த்தால் ஒட்டிய முகம் ஐபோனில் எடுத்தது, அதன் ப்ரொஃபைல் Display P3. மற்றது sRGB. இரண்டையும் தனித்தனி ஜன்னலில் திறந்து அளந்திருந்தேன். ஒரே எண் இரண்டிலும் ஒரே நிறமில்லை. முதலில் sRGB-க்கு மாற்றிவிட்டு அளந்த பிறகு சரியானது. பிரபு அண்ணா, உங்களுக்கு இரண்டும் ஒரே கேமராவா?

பிரபு_குடந்தை

ஒரே கேமரா, ஒரே ப்ரொஃபைல் தம்பி. அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன், இப்போது பாதிப் பேர் போனில் எடுத்ததைத்தான் கொண்டுவருகிறார்கள்.

ரமணி சார், நாலாவது புள்ளியும் மூலையும் வைத்துவிட்டேன். நீலத்தில் 164ல் நிறுத்தினேன். மீசை முகத்தோடு சேர்ந்துவிட்டது. முகத்தை அதன் இடத்துக்கு நகர்த்தி மாஸ்க் போட்டாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பார்த்துப் பார்த்து என் கண் பழகிவிட்டது.

லேப்_ரமணி

இரண்டு சோதனை லேயர் போடுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போட்டுப் பாருங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் நிற்கும். முகம் அப்போதும் பிரிந்து தெரிந்தால் பிழை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில். அதை அணைத்துவிட்டு, ஐம்பது சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு அதன் மோடை Luminosity ஆக்குங்கள். இப்போது வெளிச்சம் போய் நிறம் மட்டும் நிற்கும். தாடையின் ஓரத்திலும் காது ஓரத்திலும் கோடு தெரிகிறதா பாருங்கள்.

லேபில் பிரிண்ட் போட்ட காலத்தில் இதெல்லாம் கிடையாது. மஞ்சள் ஃபில்டர், மெஜெந்தா ஃபில்டர் இரண்டையும் கூட்டிக் குறைத்து, ஒரே நெகட்டிவை ஐந்தாறு துண்டுத் தாளில் போட்டு வரிசையாக வைத்துப் பார்ப்போம். அப்போதும் கண் பழகிவிடும். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம். அது இப்போதும் வேலை செய்கிறது.

பிரபு_குடந்தை

டீயும் குடித்தேன், சோதனையும் போட்டேன். பிளாக் அண்ட் ஒயிட்டில் எதுவும் தெரியவில்லை. சாம்பல் லேயரில் ஒரே இடம் மாட்டியது. தாத்தாவின் இடது காதிலிருந்து கன்ன ஓரம் வரை, கீழே இருக்கும் படத்தில் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மேடை ஓரத்தில் பிங்க் எல்இடி வைத்திருந்தார்கள், அதன் வெளிச்சம். ஒட்டிய முகத்தில் அந்த பிங்க் இல்லை. காது மேடைப் படத்தினுடையது, கன்னம் வாசல் படத்தினுடையது. சேரும் இடத்தில் கோடு விழுகிறது.

லேப்_ரமணி

அதை இதே கர்வில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், முகம் முழுக்கக் கெட்டுவிடும். இரண்டாவதாக ஒரு கர்வ் லேயர் போட்டு, அந்த ஓரத்துக்கு மட்டும் அளந்து, மாஸ்க்கைக் கருப்பாக்கி, மென்மையான பிரஷ்ஷால் காதிலிருந்து உள்ளே மெதுவாக வெள்ளை பூசுங்கள். பச்சையைக் கொஞ்சம் இறக்கினாலே பெரும்பாலும் வந்துவிடும்.

தேன்மொழி_கே

நான் என்றால் கர்வையே விட்டுவிட்டு, மாஸ்க்கில் அந்தக் கன்ன ஓரத்தை அழித்துப் பழைய முகத்தின் ஓரத்தையே திரும்பக் கொண்டுவருவேன். நமக்கு வேண்டியது கண் மட்டும்தானே. எதற்குக் கன்னம் முழுக்க மாற்ற வேண்டும்?

லேப்_ரமணி

கன்ன ஓரத்துக்கு நீங்கள் சொல்வதுதான் நல்லது. முழுக்கக் கண்ணை மட்டும் வைத்தால் எனக்குப் பிடிக்காது. கண் திறக்கும்போது கன்னமும் புருவமும் சேர்ந்து நகரும். மூடிய கண் கன்னத்தின் மேல் திறந்த கண்ணை வைத்தால் ஆள் வேறு யாரோபோல் தெரிவார்.

தேன்மொழி_கே

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை சார். நான் பலமுறை கண் மட்டும் வைத்திருக்கிறேன்.

பிரபு_குடந்தை

இரண்டையும் செய்து பார்த்தேன். ஓரத்தில் தேன்மொழி அக்கா சொன்னபடி பழைய கன்னத்தையே கொண்டுவந்தேன், பிங்க் தானாக வந்துவிட்டது. நடுக் கன்னத்தைச் சார் சொன்னபடி விட்டுவிட்டேன். கடைசியாக ஒட்டிய முகத்தில் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தேன், வாசல் படம் மேடைப் படத்தைவிட வழவழப்பாக இருந்தது. நாளை காலை பன்னிரண்டுக்குப் பதினெட்டில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆல்பத்துக்கு அனுப்புவேன்.

மலர்விழி_மதுரை

ரமணி சார், தம்பியின் பகல் வெளிச்சப் படம் கிடைத்துவிட்டது. அப்பா பிரிண்டில் கட்டியிருப்பது வெள்ளை வேட்டி இல்லை, பழுப்பு நிறச் சால்வை போர்த்தியிருக்கிறார். வெள்ளை என்று சொல்ல அந்தப் படத்தில் எதுவுமே இல்லை. பிரிண்டின் வெள்ளை ஓரம் மட்டும் கொஞ்சம் ஸ்கேனில் வந்திருக்கிறது. அதை நடுநிலையாக எடுத்துக்கொள்ளலாமா?

லேப்_ரமணி

ஓரம் தாளின் நிறத்தைச் சொல்லும், படத்தில் மங்கிய சாயத்தைச் சொல்லாது. அதை வைத்துத் தாளின் பழுப்பை மட்டும் எடுக்கலாம். தலைமுடியின் கருப்பு எப்படி இருக்கிறது என்று அளந்து மூன்று எண்ணையும் போடுங்கள் அம்மா, அங்கிருந்து பார்ப்போம்.